‘லேபிள்’ என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்

விருதுநகரை ஒட்டிய ஊர் ஒன்றில் மரச்செக்கு வைத்திருக்கும் அக்கா ஒருவர், நல்லெண்ணெய் பாட்டில் ஒன்றை மேஜை மேல் வைத்து, "தம்பி, இதைத் தூக்கிப் பாருங்க" என்றார். தூக்கினேன். லேபிளின் ஓரம் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய் ஊறி, காகிதத்துக்கு உள்ளே இருப்பது வெளியே தெரிகிற அளவுக்கு ஆகியிருந்தது. ‘நல்லெண்ணெய்’ என்ற எழுத்தில் பாதி மங்கிவிட்டது. பக்கத்திலேயே கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் பாட்டில்கள். மூன்றிலும் அதே மஞ்சள் லேபிள், பெயர் மட்டும்தான் வேறு.

"கடைக்கு வர்ற பிள்ளைங்க மாத்தி எடுத்துட்டுப் போயிருதுங்க. வீட்ல இருந்து திருப்பி அனுப்புறாங்க. நான் என்ன செய்ய?"

நான் எந்த நிறுவனத்திலும் இல்லாமல் தனியாக வேலை எடுத்துச் செய்யும் கிராபிக் டிசைனர். அந்த மூன்று லேபிள்களையும் மாற்றிக் கொடுத்தேன். வேலை முடிந்ததும், அந்தப் படத்தைப் போட்டு அதன் கீழே ஒரு குறிப்பு எழுதினேன். இன்ஸ்டாகிராமில் அதைக் கேப்ஷன் என்பார்கள். என்னைப் போன்ற ஆளுக்குக் கடையும் அதுதான், பெயர்ப்பலகையும் அதுதான். தெருவில் போகிறவர் எட்டிப் பார்த்து "இங்கே என்ன செய்வீங்க?" என்று கேட்க எனக்கு வாசல் கிடையாது. அந்தக் கேள்விக்கான பதில் முழுவதும் அந்தச் சில வரிகளுக்குள் இருந்தாக வேண்டும்.

அதற்கு முன்னால் நான் பல மாதங்கள் போட்டுவந்த குறிப்பு இது:

"லோகோ, விசிட்டிங் கார்டு, பேனர், திருமணப் பத்திரிகை, லேபிள், சோஷியல் மீடியா போஸ்டர் அனைத்தும் குறைந்த விலையில் சிறந்த தரத்தில் செய்து தரப்படும். தொடர்புக்கு மெசேஜ் செய்யவும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அத்தனையும் செய்யத் தெரியும். ஆனால் இதைப் படித்து வந்த செய்திகளெல்லாம் "எவ்வளவு?" என்ற ஒரே சொல்தான். என்ன பொருள், எத்தனை, எப்போது வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். வெகுநாள் அவர்கள் மேல்தான் வருத்தப்பட்டேன். யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, நான் எழுதியதில் விலையைத் தவிர கேட்பதற்கு வேறு எதுவுமே இல்லை. ‘குறைந்த விலை’ என்று நானே பேச்சைத் தொடங்கியிருக்கிறேன், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போனதால், எண்ணெய் விற்கிறவருக்கும் கல்யாணம் வைத்திருக்கிறவருக்கும் இது தனக்காக எழுதியது என்ற எண்ணம் வரவில்லை.

அதனால் புதிய குறிப்பில் ஒரே ஒரு வேலையை மட்டும் வைப்பது என்று முடிவு செய்தேன். ஒரு வேலையை வைத்து எழுத வேண்டுமென்றால், அந்த வேலையில் எந்த இடத்தில் என்ன முடிவெடுத்தோம் என்று நமக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அக்காவின் லேபிளில் அப்படிச் சொல்லத் தக்கவை மூன்று இருந்தன.

முதலாவது, நிறம். கடையில் வாடிக்கையாளர் நிற்கும் இடத்துக்கும் அலமாரிக்கும் ஏறக்குறைய ஐந்தடி தூரம். அங்கிருந்து நானே கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தேன். செக்கின் படமும் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லும் தெரிந்தன. எந்த எண்ணெய் என்பது மட்டும் தெரியவில்லை. ஆகவே நல்லெண்ணெய்க்கு அடர்ந்த பழுப்பு, கடலை எண்ணெய்க்குச் செங்கல் சிவப்பு, தேங்காய் எண்ணெய்க்குப் பச்சை என்று பிரித்து, எண்ணெயின் பெயரைத் தமிழில் லேபிளின் மேல்பாதி முழுக்க நிரம்புமாறு வைத்தேன். கடையின் பெயர் அதற்குக் கீழே சிறிதாகப் போயிற்று. இதற்கு அக்கா உடனே சம்மதிக்கவில்லை. அது அவருடைய அப்பாவின் பெயர். இரண்டு மாதிரிகளையும் அச்செடுத்துப் பாட்டிலில் சுற்றி அலமாரியில் வைத்து, ஐந்தடி தள்ளி நின்று அவரையே பார்க்கச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது, அளவு. அரை லிட்டர் பாட்டிலின் வயிற்றில் நூலைச் சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் வைத்து அளந்தோம். 204 மில்லிமீட்டர் வந்தது. பழைய லேபிள் முழுச் சுற்றுக்கும் இருந்ததால் ஒரு முனை இன்னொரு முனையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எண்ணெய் வழியும்போது அந்த ஏற்றத்தில்தான் முதலில் தேங்கும், உரிய ஆரம்பிப்பதும் அங்கேதான். புதிய லேபிளின் அகலத்தை 180 மில்லிமீட்டர் ஆக்கினோம். மிச்சமுள்ள 24 மில்லிமீட்டர் வெறும் கண்ணாடியாக நிற்கிறது. முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை. எண்ணெய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் அந்த இடைவெளியில் தெரிகிறது. பாட்டிலின் தோள்பட்டை வளையத் தொடங்கும் இடத்துக்கு முன்பே லேபிளின் உயரமும் முடிந்துவிட வேண்டும். வளைவில் ஏறினால் எவ்வளவு நல்ல ஸ்டிக்கரும் சுருங்கும்.

மூன்றாவது, தாள். காகிதத்துக்குப் பதில் பி.பி. என்று அச்சகத்தில் சொல்லும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர், மேலே லேமினேஷன். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. சிவகாசியில் எந்த லேபிள் அச்சகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கேட்க வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியாது. கேட்டுச் சொன்னதும் என் வேலையில் ஒரு பங்கு.

இவ்வளவும் தெரிந்த பிறகு எழுதிய குறிப்பு இது:

"மூன்று எண்ணெய்க்கும் ஒரே லேபிள். பிள்ளைகள் மாற்றி எடுத்துப் போனார்கள்.

விருதுநகர் பக்கம் ஒரு மரச்செக்குக் கடைக்குச் செய்த வேலை இது. ஐந்தடி தள்ளி நின்றாலும் எந்த எண்ணெய் என்று தெரிய வேண்டும், எண்ணெய் பட்டாலும் எழுத்து அழியக்கூடாது. கடைக்கார அக்கா கேட்டது இவ்வளவுதான். எண்ணெய்க்கு ஒரு நிறம் கொடுத்தோம். பெயரைப் பெரிதாக்கினோம். காகிதத்தை விட்டு ஸ்டிக்கருக்கு மாறினோம். படத்தில் இருப்பது கடையில் விற்கும் அதே பாட்டில்.

சிறு உணவுத் தொழில் செய்பவர்களுக்கு லேபிள், பாக்கெட் வடிவமைப்பு செய்கிறேன். ஒரு பொருளுக்கு 5,000 ரூபாய், அதே வரிசையில் அடுத்தடுத்த பொருளுக்கு 2,000 ரூபாய். அச்சுச் செலவு தனி.

தொடங்க வேண்டுமானால் ‘லேபிள்’ என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள். கூடவே உங்கள் பாட்டிலின் ஒரு படம், நூலால் சுற்றி அளந்த அளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பது. ஒரு நாளுக்குள் மொத்தத் தொகையும் முடியும் தேதியும் சொல்வேன். பாதி முன்பணம் வந்ததும் வேலை தொடங்கும். ஐந்து நாளில் முதல் மாதிரி. இரண்டு முறை திருத்தம் இதில் அடக்கம்."

ஏன் இந்த வரிசை என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் இடம் மாறினால் பலன் மாறுகிறது.

கைப்பேசியில் முதலில் கண்ணில் படுவது ஒன்றிரண்டு வரிதான். மீதி மடிந்து மறைந்திருக்கும், விரலால் தொட்டால்தான் விரியும். ஆகவே முதல் வரியில் ‘வணக்கம் நண்பர்களே’ என்றோ நம் பெயரையோ போட்டால் அந்த இடம் வீணாகிவிடும். அதில் கடைக்காரரின் தொல்லை இருக்க வேண்டும், அதுவும் அவர் வாயில் வந்த மாதிரியே இருக்க வேண்டும். ‘வாடிக்கையாளர் குழப்பத்தைத் தவிர்க்கும் வடிவமைப்பு’ என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அழித்துவிட்டு, அக்கா சொன்னதையே எழுதினேன். தமிழில் எழுதும்போது இடம் இன்னும் சீக்கிரம் தீரும். ‘நல்லெண்ணெய்’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கோ புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால் அது பதினொன்று. இன்ஸ்டாகிராம் ஒரு குறிப்புக்குக் கொடுக்கும் 2,200 குறிகள் நிறையத் தோன்றினாலும், தமிழுக்கு அதில் பாதியை மட்டும் நம்பி எழுதுவது நல்லது.

படத்தைப் பற்றி ஒன்று. டிசைனர்கள் பெரும்பாலும் மாக்கப் என்ற பொம்மைப் படத்தைப் போடுவோம். வெற்றுப் பாட்டில் படத்தின் மேல் நம் லேபிளைக் கணினியிலேயே ஒட்டிக் காட்டுவது அது. அங்கே லேபிள் சுருங்காது, நிறம் மங்காது, எண்ணெய் வழியாது. வாடிக்கையாளர் முடிவெடுப்பதற்காக அவருக்குக் காட்ட அது சரி. முடித்த வேலை என்று ஊருக்குக் காட்டுவதற்கு அது சரியில்லை என்பது என் தீர்மானமான எண்ணம். திரையில் பளிச்சென்று இருந்த பச்சை, அச்சில் ஒரு படி மங்கித்தான் வரும். அந்த மங்கலோடு சேர்ந்த படத்தைப் பார்த்து வருகிறவர்தான், தன் லேபிள் அச்சாகி வரும்போது ஏமாறமாட்டார். நான் அலமாரியில் வைத்தே படம் எடுத்தேன். ஓரத்தில் அக்காவின் தராசுகூடத் தெரிகிறது.

படம் போடுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். எழுத்தில் கேட்பது முறை, வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். அக்கா இரண்டு நிபந்தனை சொன்னார். புதுச் சரக்கு கடைக்கு வந்த பிறகே போட வேண்டும், லேபிளில் உள்ள தொலைபேசி எண்ணையும் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் மறைக்க வேண்டும். உரிம எண்ணை யாராவது எடுத்துத் தங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கு. எனக்கு அது நியாயமாகத் தோன்றியது. பாட்டிலைச் சற்றுத் திருப்பி எடுத்தேன்.

குறிப்பில் ‘விற்பனை இரண்டு மடங்கானது’ என்ற மாதிரி ஒரு வரி போட ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அவருடைய கணக்கு நோட்டை நான் பார்த்ததில்லை. விற்பனை கூடியிருந்தாலும் லேபிளால் கூடியதா, பண்டிகையால் கூடியதா என்று எப்படிச் சொல்வது? எனக்கு உறுதியாகத் தெரிந்தது, லேபிளில் என்ன மாறியது என்பது மட்டும். அதை மட்டும் எழுதினேன்.

விலையைக் குறிப்பிலேயே போடலாமா என்பதில் எங்கள் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. போட்டால் பெரிய வாடிக்கையாளர் குறைத்து மதிப்பிடுவார் என்பது ஒரு பக்கம். சிறு தொழில் செய்பவர்களை நோக்கி எழுதும்போது போட்டுவிட வேண்டும் என்பது என் பக்கம். விலை கேட்கவே கூச்சப்படுகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். கேட்டுவிட்டு முடியாது என்று சொல்வது சங்கடம் என்பதாலேயே கேட்காமல் போய்விடுவார்கள்.

அந்தத் தொகை வந்த கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் மூன்று லேபிளுக்கு 5,000, 2,000, 2,000 என மொத்தம் 9,000 ரூபாய். நேரில் போய்ப் பேசி அளந்தது, மாதிரி வரைந்தது, இரண்டு முறை திருத்தியது, அச்சகத்துக்குக் கோப்பு தயாரித்தது எல்லாம் சேர்த்து 30 மணி நேரம். மணிக்கு 300 ரூபாய். இதே வேலையில் திருத்தத்துக்கு எல்லை வைக்காமல் விட்டிருந்தால், இன்னும் 15 மணி நேரம் சுலபமாகப் போயிருக்கும். அப்போது மணிக்கு 200 ரூபாய்தான். ‘இரண்டு முறை திருத்தம் அடக்கம்’ என்ற நான்கு சொற்களுக்கு இந்த வேலையில் இருந்த மதிப்பு அதுதான். இப்படி எழுதிவிட்டதால் வாடிக்கையாளரும் திருத்தங்களைச் சேர்த்துவைத்து ஒரே தடவையாகச் சொல்கிறார். மூன்றாவது முறை தேவைப்பட்டால் தொகை தனி என்று முதலிலேயே தெரிந்திருப்பதால் மனக்கசப்பும் வருவதில்லை.

முன்பணம் பற்றிய வரி எழுத எனக்கு வெகுநாள் தயக்கம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மசாலா நிறுவனம், "ஒரு மாதிரி பண்ணிக் காட்டுங்க, பிடிச்சா பேசிக்கலாம்" என்றது. பண்ணிக் காட்டினேன். பதில் வரவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு பலசரக்குக் கடையில் என் லேபிளை அவர்கள் பாக்கெட்டில் பார்த்தேன். எழுத்துருவை மட்டும் மாற்றியிருந்தார்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக வேலை செய்கிற என் போன்றவர் உருவாக்கிய வடிவம் பொதுவாக உருவாக்கியவருக்கே சொந்தம். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். சட்டம் நம் பக்கம்தான். ஆனால் ஒரு லேபிளுக்காக வழக்கு நடத்த நம்மால் முடியாது. ஆகவே பாதி முன்பணம், மீதி வந்த பிறகு அச்சுக் கோப்பு, அதோடு உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒரு பக்கக் கடிதம் என்று வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். கடிதம் பற்றிக் குறிப்பில் எழுதவில்லை. அது பேச்சு முடிந்த பிறகு வருகிற விஷயம். முதல் பார்வையிலேயே சட்டம் பேசினால் ஆள் பயந்துவிடுவார்.

குறிப்பின் கடைசிப் பகுதிதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ‘மெசேஜ் செய்யவும்’ என்றால், செய்கிறவர் என்ன எழுத வேண்டும் என்று யோசிக்க வேண்டும். ஆங்கிலம் வேண்டுமோ, ‘சார்’ போட வேண்டுமோ என்று தயங்குவார். ‘லேபிள்’ என்று ஒரு வார்த்தை போதும் என்றால் தயக்கம் இல்லை. அதோடு, செய்து பார்க்கக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கொடுக்கிறோம். நூலை எடுத்துப் பாட்டிலைச் சுற்றி அளந்து அனுப்புகிறவர், வேலை கொடுக்கும் எண்ணத்தோடு வந்தவர். எனக்கும் அந்த மூன்று தகவலை வைத்தே தொகை சொல்ல முடிகிறது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் குறிப்புக்குள் இணைப்பு போட்டால் அது அழுத்தினாலும் திறக்காது. வாட்ஸ்அப்புக்கு நேராகக் கொண்டுபோக வேண்டுமென்றால் நம் முகப்புப் பக்கத்தில் இப்படி ஒன்று வைக்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=label
```

91க்குப் பின் உங்கள் பத்து இலக்க எண். அழுத்துகிறவருக்கு வாட்ஸ்அப் திறந்து, அந்தச் சொல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அனுப்பு என்று தட்டினால் போதும்.

எழுதிப் போட்டதோடு குறிப்பு முடிந்துவிடுவதில்லை. வருகிற கேள்விகளைக் கவனித்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். ‘அச்சுச் செலவு தனி’ என்ற வரி முதலில் இல்லை. "அச்சும் நீங்களே அடிச்சுக் குடுப்பீங்களா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். இன்னொருவர் 5,000 ரூபாயில் ஆயிரம் ஸ்டிக்கரும் வந்துவிடும் என்றே நினைத்திருந்தார். அவர் மேல் தவறில்லை. போட்ட குறிப்பைத் திருத்த வசதி இருக்கிறது, அன்றைக்கே அந்த வரியைச் சேர்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

இப்போது இன்னொரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் அண்ணன் ஒருவர் சென்ற வாரம் ‘லேபிள்’ என்று அனுப்பினார். கூடவே ஒரு படம். மிட்டாய்ப் பாக்கெட்டைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டி, முடிச்சுப் போட்டு, அந்த நூலை ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்திருந்தார். "நீங்க சொன்ன மாதிரியே அளந்திருக்கேன் தம்பி" என்று கீழே எழுதியிருந்தார். பாக்கெட் உப்பலாக இருந்ததால் அந்த அளவு எனக்கு உதவாது. வெற்றுப் பாக்கெட்டைத் தரையில் தட்டையாக வைத்து, நீளமும் அகலமும் தனித்தனியாக அளந்து அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். குறிப்பில் ‘பாட்டிலுக்கு நூல், பாக்கெட்டுக்கு ஸ்கேல்’ என்று இன்று சேர்க்கப்போகிறேன்.